டிராயர் எண் இருபத்துமூன்று

செப்டம்பர் 24, செவ்வாய்

கல்லூரிக்கு ஒரு வேலைக்குறிப்பு எழுதிக் கொடுக்கிறேன். அதில் தினமும் ‘பாடம் நடத்தப்பட்டது’ என்று இருக்கும். உண்மையில் என்ன நடந்தது என்பதற்கு இந்த டைரி.

காலையில் தேங்காய்ச் சட்னி புளித்துவிட்டது. என் வீட்டுக்காரர் துரை ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். மனிதருக்கு நாக்கு இருக்கிறதா என்று சந்தேகமாக இருக்கிறது.

மதியம் இரண்டாம் ஆண்டு வேதியியல் லேப். உப்பு ஆய்வு. ஹைட்ரஜன் சல்பைடு வாயு வரும் கிப்ஸ் கருவியைத் திறந்தால் அறை முழுக்க அழுகிய முட்டை நாற்றம். முப்பிடாதி மட்டும் மூக்கைப் பொத்தாமல், “மேம், இந்த நாத்தம் பழகிட்டா வேற சென்ட்டே பிடிக்காது போலுக்கே” என்றாள். வாயாடி. ஆனால் இந்த வகுப்பில் வீழ்படிவின் நிறத்தைச் சொல்லிக்கொடுக்காமலே கண்டுபிடிப்பவள் அவள் ஒருத்திதான்.

23-ஆம் எண் வரவில்லை. வழக்கம்போல.

செப்டம்பர் 26, வியாழன்

வருகைக் குறைவுப் பட்டியல் ஒட்டியாகிவிட்டது. வகுப்புப் பொறுப்பாசிரியர் என்று கீழே என் கையெழுத்து. எழுபத்தைந்து சதவீதத்துக்குக் கீழே மூன்று பேர். இரண்டு பேர் எதிர்பார்த்தவர்கள். மூன்றாவது முப்பிடாதி, 74.67. எனக்கே ஆச்சரியம். மற்றவர்களுடைய வகுப்புகளைக் கட் அடிக்கிறாள் போலிருக்கிறது. சிரித்துப் பேசுகிற பிள்ளைகளை நம்பக்கூடாது.

லேப் முடிய ஐந்து மணி. 23 வரவில்லை.

செப்டம்பர் 27, வெள்ளி

தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது முப்பிடாதி வந்து நின்றாள்.

“மேம், நான் லேபு ஒண்ணுகூட விடல. லிஸ்ட்டுல தப்பா இருக்கு.”

“சிஸ்டம்ல இருக்கறதத்தான் போட்டிருக்கேன்.”

“நீங்கதான மேம் லேபு எடுத்திய? நான் இருந்தேன்லா?”

“தகராறு பண்ணாத. எழுபத்தஞ்சுக்குப் பக்கத்துலதான இருக்கு, அப்பாட்ட கையெழுத்து வாங்கிட்டு, வருகைக் குறைவுக்கு கண்டனேஷன் ஃபீஸ் கட்டு.”

போய்விட்டாள். நான் தாளிலிருந்து தலையை நிமிர்த்தினேனா என்று நினைவில்லை. நாற்பது தாள் பாக்கி இருந்தது.

செப்டம்பர் 30, திங்கள்

முப்பிடாதி வரவில்லை. ஒரு நாள்தானே.

அக்டோபர் 1, செவ்வாய்

இன்றும் வரவில்லை. லேபில் அவள் டிராயர் பூட்டியே கிடந்தது. அவள் பக்கத்து மேசை எஸ்தரிடம் சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டேன்.

“அவ இனி வரமாட்டா மேம். அவுங்க அப்பா பையைப் பிடுங்கி பீரோல வச்சுப் பூட்டிட்டாரு. ஆயுத பூஜ முடிஞ்சதும் சித்திகூட திருப்பூர் பனியன் கம்பெனிக்கு அனுப்பப்போறாராம்.”

“என்னத்துக்கு?”

“மூணு மாசமா செவ்வாய், வியாழன் தவறாம மெசேஜ் வந்திருக்கு மேம், மதியம் வரலன்னு. அவ லேபுல இருந்தேன்னு சொல்லுதா, அவரு நம்ப மாட்டேங்காரு. எவங்கூட சுத்துதன்னு அடிச்சிருக்காரு. போன வாரம் லிஸ்ட்டும் வந்துச்சுல்லா. அதோட முடிஞ்சு போச்சு.”

செவ்வாய், வியாழன் மதியம். என் லேப். வருகையைக் கணினியில் போடுவதும் நான்தான்.

வகுப்பில் யாராவது வராமல் போனால், நாங்கள் வருகையைச் சேமித்த உடனே வீட்டுக்குக் குறுஞ்செய்தி தானாகப் போகும். ‘தங்கள் மகள் இன்று இந்த நேரத்துக்கு வரவில்லை.’ ஒரு செவ்வாய் மதியம் அவள் என்னிடம் சென்ட் ஜோக் அடித்துக்கொண்டிருந்த நேரத்தில் அவள் அப்பா கையில் அந்தச் செய்தி இருந்திருக்கிறது. போன வாரம்தானே அது?

எனக்குத் தலை வலிக்கிறது. இது என் வேலையே இல்லை. அலுவலகம் பார்க்க வேண்டியது.

அக்டோபர் 2, புதன்

விடுமுறை. வீட்டு வேலை கிடந்தது. துணி ஊறவைத்தேன், அலசவில்லை. முப்பிடாதியின் அப்பா பால்பாண்டிக்கு நான்கு தடவை போன் அடித்தேன், எடுக்கவில்லை. மாலையில் காய்கறி வாங்கப் போன வழியில் அவர்கள் தெரு வழியாகப் போனேன். காய்கறிக் கடை அந்தப் பக்கம் இல்லை என்று துரை சொன்னார். நடந்தால் நல்லது என்று டாக்டர் சொன்னதை நினைவுபடுத்தினேன்.

அவர் ஓட்டும் லோடு ஆட்டோ வாசலில் நின்றது. கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். ஓர் அம்மா ஜன்னல் வழியாக, “அவுக இல்ல” என்றாள். ஆட்டோ இன்ஜின் சூடாக இருந்தது. உள்ளே யாரோ இருமினார்கள்.

துணியை அலசி, பிழியாமலே கொடியில் போட்டுவிட்டேன். வயதாகிறது.

அக்டோபர் 3, வியாழன்

கணினியிலிருந்து இரண்டு அறிக்கைகள் இறக்கினேன். ஒன்று மணிவாரி அறிக்கை. எந்த நாள், எந்த மணி, யார் வரவில்லை என்று காட்டும். இன்னொன்று பருவத் தொகுப்பு. ஆளுக்கு ஒரு வரியில் வகுப்பு, லேப், மொத்தம் என்று கூட்டிக் கொடுக்கும். இரண்டும் ஒரே வருகைப்பதிவிலிருந்து வருபவை. ஒன்றுபோலத்தான் இருக்க வேண்டும்.

முப்பிடாதி மணிவாரியில் 74.67. தொகுப்பில் 88.

வேறு யாரைப் பார்த்தாலும் பொருந்தவில்லை. முதல் இரண்டு பேர் மட்டும் இரண்டிலும் ஒன்றாக இருந்தார்கள். மூன்றாம் வரியிலிருந்து எல்லாம் சிதறல். ஆனால் ஒரு நிம்மதியும் வந்தது: தொகுப்புதான் சரி, 88, பிள்ளை தப்பித்தாள். துறைத்தலைவர் குருபாதம் சாரிடம் ஓடினேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ரூபாவதி, ரெண்டு லிஸ்ட் ரெண்டு விதமா சொல்லுதுன்னா, ரெண்டுமே தப்பா இருக்கலாம்லா? எது சரின்னு எப்படிச் சொல்லுதீக?”

“அதுல பிள்ளைக்கு நல்லதா இருக்கு சார்.”

“நல்லதா இருந்தா சரியாயிருமா?”

அவரை எனக்குப் பிடிக்காது. ஆனாலும் கேட்டது சரியான கேள்வி.

அக்டோபர் 4, வெள்ளி

ஒரு மணிக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்து கண்டுபிடித்தேன். எழுதி வைக்கிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு எனக்கே நம்பிக்கை வராது.

அமிர்தராஜ் என்று ஒரு பையன். ஆகஸ்டில் டெங்குவில் இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தான். நானே ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். அதனால் அவன் அந்த இரண்டு வாரமும் எங்கேயும் வரவில்லை என்பது உறுதி. அவன் வரியை இரண்டு அறிக்கையிலும் பார்த்தேன்.

மணிவாரியில், காலை வகுப்புகளுக்கு வரவில்லை, மதியம் லேபுக்கு மட்டும் வந்திருக்கிறான். தொகுப்பில், வகுப்பு மணி ஒன்றுகூட விடவில்லை, லேப் மட்டும் விட்டிருக்கிறான். ஒரே பையன், ஒரே காய்ச்சல். டிரிப்ஸ் ஏறுகிற கையோடு ஒன்றில் வகுப்புக்கு வருகிறான், மற்றொன்றில் லேபுக்கு வருகிறான்.

அப்போதுதான் லேபில் நான் எப்படி வருகை எடுக்கிறேன் என்பது மண்டையில் உறைத்தது. ரெஜிஸ்டரைத் தொடுவதே இல்லை. பூட்டுத் திறக்காத டிராயர்களின் எண்களைப் பார்த்து அப்படியே கணினியில் தட்டிவிடுவேன். அந்த எண்கள் முதலாம் ஆண்டு பெயிண்ட் அடித்தவை. அவரவர் சோதனைக்குழாயும் சாவியும் அன்றைக்குக் கொடுத்தது. அதை யார் மாற்றுவார்கள்?

முதலாம் ஆண்டில் சேர்ந்தபோது இருந்த வரிசை: முப்பத்தாறு பேர் ஆங்கில அகரவரிசையில். பிறகு தாமதமாகச் சேர்ந்த நான்கு பேர் கடைசியில், 37 முதல் 40 வரை. அமிர்தராஜ் 37. டிராயர்கள் இந்த வரிசை.

இந்த ஜூனில் அலுவலகம் புது ரெஜிஸ்டர் போட்டது. ஒன்பதாம் எண் பெண் படிப்பை விட்டுப் போய்விட்டதால் அவள் பெயரை எடுத்தார்கள்; அவள் டிராயர் பூட்டில்லாமல் காலியாகக் கிடக்கிறது. தாமதமாகச் சேர்ந்தவர்களை அகரவரிசையில் நடுவே செருகினார்கள். அமிர்தராஜ் 37-லிருந்து மூன்றாம் எண்ணுக்கு வந்துவிட்டான். வகுப்பில் எல்லோரும் புது எண்ணைச் சொல்லித்தான் ‘யெஸ் மேம்’ சொல்கிறார்கள்.

முப்பிடாதி பழைய ரெஜிஸ்டரில் 21. அவளுக்கு முன்னால் ஒருத்தி போனாள், ஒன்று குறைந்தது. அவளுக்கு முன்னால் மூன்று பேர் செருகப்பட்டார்கள், மூன்று கூடியது. புது எண் 23.

கணினி பெயரைச் சேமிப்பதில்லை, எண்ணை மட்டும் சேமிக்கிறது. ‘லேப், 23 இல்லை’ என்றால் அவ்வளவுதான். பெயர் ஒட்டுவது அறிக்கை எடுக்கும்போது. மணிவாரியும் குறுஞ்செய்தியும் புது ரெஜிஸ்டரைப் பார்த்துப் பெயர் ஒட்டுகின்றன. தொகுப்போ முதலாம் ஆண்டு ஏற்றிய பழைய ரெஜிஸ்டரையே இன்னும் வைத்திருக்கிறது. ஜூனில் அதை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை.

ஆகவே மணிவாரியில் வகுப்பு சரி, லேப் தவறு. தொகுப்பில் லேப் சரி, வகுப்பு தவறு. முப்பிடாதிக்குத் தொகுப்பு கொடுத்த 88-ம் பொய்தான். வகுப்பு வேறு யாருடையதோ. வகுப்பை மணிவாரியிலிருந்தும் லேபைத் தொகுப்பிலிருந்தும் எடுத்துக் கூட்டினேன். நடந்த மொத்த மணி முன்னூறு, அவள் வந்தது இருநூற்று எண்பத்தொன்று. 93.67.

லேப் ஒன்றுகூட விடவில்லை. அவள் சொன்னதுபோலவே.

மூன்று மாதமாக நான் 23 என்று தட்டியது டிராயர் 23. அது நம்பிராஜனுடையது. வகுப்பில் பின் பெஞ்சில் உட்காரும் அமைதியான பையன். அவன் வராததெல்லாம் இவள் தலையில் விழுந்திருக்கிறது. ஒவ்வொரு தடவை நான் தட்டியபோதும் அந்த வீட்டில் ஒரு அடி.

டப்பாவைத் திறந்தேன். சாப்பிட முடியவில்லை.

அக்டோபர் 5, சனி

குருபாதம் சார்: “புரியுது. ஆனா குறைவுப் பட்டியல் பல்கலைக்கழகத்துக்குப் போயாச்சு. இப்ப முப்பத்தேழு பேரு கணக்கையும் மாத்துனா காலேஜ் மானம் என்னாவும்? அந்தப் பிள்ளை கண்டனேஷன் கட்டி பரீட்சை எழுதட்டும். அவ்வளவுதான.”

“கட்டினா வரலன்னு ஒத்துக்கிட்டதா ஆயிரும் சார். அவ அப்பா அதுலதான் கையெழுத்துப் போடணும்.”

“அது அவங்க குடும்ப விஷயம்.”

வெளியே வந்து கழிப்பறையில் முகம் கழுவினேன். அழவில்லை, கழுவினேன்.

பால்பாண்டி ஒருவழியாகப் போன் எடுத்தார். முழுவதையும் சொன்னேன். பழைய ரெஜிஸ்டர், புது ரெஜிஸ்டர், டிராயர் எண்.

“மேடம், நீங்க நல்லவுக. பிள்ளை மேல பாசத்துல சொல்லுதிய. நான் ஆட்டோ ஓட்டுதவன், எனக்கு இதெல்லாம் வெளங்காது. ஒண்ணு மட்டும் கேக்கேன். எம்மவ பொய் சொல்லுவா, சின்ன வயசுல சொல்லியிருக்கா. அம்புட்டுப் பெரிய காலேஜு எனக்கு எதுக்கு மேடம் பொய் சொல்லணும்?”

வைத்துவிட்டார். நானே அவளிடம் அதைத்தான் சொல்லி அனுப்பினேன், வேறு வார்த்தையில்.

அக்டோபர் 6, ஞாயிறு

தூங்கவில்லை. தோசை கருகியது. துரை அதையும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். பிறகு, “அந்தப் பிள்ளை பேரு என்ன?” என்று கேட்டார். நான் சொல்லவே இல்லை, எப்படித் தெரியும்? தூக்கத்தில் எண் சொல்கிறேனாம்.

அக்டோபர் 7, திங்கள்

செய்முறைத் தேர்வு பதினைந்தாம் தேதி. எஸ்தர் சொல்கிறாள், நாளை பால்பாண்டி மகளோடு வந்து மாற்றுச் சான்றிதழ் வாங்கப் போகிறார். வாங்கிவிட்டால் முடிந்தது. அதற்கப்புறம் நான் எதைக் கண்டுபிடித்து என்ன.

அக்டோபர் 8, செவ்வாய்

வரிசையாக எழுதுகிறேன்.

இரண்டு மணிக்கு அலுவலக ஜன்னலில் பால்பாண்டி நின்றார். காக்கிச் சட்டை, கையில் சான்றிதழ் விண்ணப்பம். முப்பிடாதி இரண்டடி தள்ளி, தாவணியை இழுத்துப் போர்த்தியபடி. இடது கன்னத்தில் மஞ்சள் பத்து போட்டிருந்தது. என்னைப் பார்க்கவில்லை.

“அண்ணாச்சி, ஒரு பத்து நிமிசம். லேபுக்கு வாங்க. அப்புறம் நானே கையெழுத்து வாங்கித் தாரேன்.”

“எதுக்கு மேடம்? சொன்னத மறுபடியும் சொல்லுவிய.”

“ஒண்ணும் சொல்லமாட்டேன்.”

எப்படியோ வந்தார். வகுப்பு முழுக்க லேபில் இருந்தது. குருபாதம் சாரும் வாசலில் வந்து நின்றார், நான் ஏதாவது உளறிவிடுவேனோ என்று பயந்து.

முப்பிடாதியை அவள் மேசைக்குப் போகச் சொன்னேன். அவள் நகரவில்லை. எஸ்தர் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தை எடுத்து 21-ஆம் டிராயரைத் திறந்தாள். வீட்டுச் சாவியோடு அதுவும் ஒரே வளையத்தில் கிடந்தது. பால்பாண்டி அந்தச் சாவியையே பார்த்தார்.

“ஏட்டி, வகுப்புல உன் நம்பர் என்ன?” என்று நான் அவளிடம் கேட்டேன்.

“இருபத்திமூணு.”

“இருபத்திமூணாம் டிராயர் யாரோடது?”

வகுப்பே சொன்னது: “நம்பிராஜன், மேம். அவன் லேபுக்கு வரமாட்டான்.” பூட்டில் தூசி படிந்திருந்தது.

கணினிக்கு முன்னால் உட்கார்ந்தேன். “அண்ணாச்சி, போனக் கையில வச்சுக்கோங்க. இன்னைக்கு லேப் வருகை இன்னும் போடல. எப்பவும் போடுற மாதிரி இப்பப் போடப்போறேன். வேற ஒண்ணும் செய்யல.”

பூட்டியிருந்த டிராயர்களைப் பார்த்தேன். ஒன்றுதான். 23 என்று தட்டி, சேமித்தேன்.

ஒன்றும் நடக்கவில்லை. குழாயில் தண்ணீர் சொட்டியது. குருபாதம் சார் தொண்டையைச் செருமினார். இன்றைக்கென்று சர்வர் படுத்துவிட்டதா, சிக்னல் இல்லையா? என் வாழ்க்கையில் ஒரு குறுஞ்செய்திக்காக இப்படி வேண்டிக்கொண்டதில்லை.

பால்பாண்டியின் சட்டைப் பையில் ‘டிங்’ என்றது. போனைக் கையில் வைக்கச் சொல்லியும் பையிலேயே வைத்திருந்தார்.

எடுத்தார். எழுத்துக்கூட்டிப் படித்தார். “தங்கள் மகள்... முப்பிடாதி... இன்று மதியம்... ஆய்வகத்துக்கு வரவில்லை.”

நிமிர்ந்து பார்த்தார். மகள் ஆறடி தூரத்தில், ஆய்வகத்தில், திறந்த டிராயருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். மறுபடி போனைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார்.

“எய்யா... எத்தன தடவ...” என்றார். ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

முப்பிடாதி அழவில்லை. “நான் சொன்னப்ப நம்பல. போனு சொன்னதும் நம்புதிய. இப்பவும் போனுதாம்ப்பா சொல்லிருக்கு, நான் இல்ல” என்றாள்.

அவரைப் பார்த்துத்தான் சொன்னாள். பாதி எனக்கு.

குருபாதம் சார் வாசலிலிருந்தபடியே, “ரூபாவதி, ரெண்டு அறிக்கையையும் எடுத்துட்டு என் ரூமுக்கு வாங்க. திருத்துன லிஸ்ட்ட இன்னைக்கே அனுப்பிருவோம்” என்றார். விண்ணப்பம் பால்பாண்டியின் காலடியில் கிடந்தது. ஈரத் தரையில் ஊறிவிட்டது. யாரும் எடுக்கவில்லை.

அக்டோபர் 9, புதன்

திருத்திய பட்டியலில் நம்பிராஜன் 67.67. கூப்பிட்டேன். வேண்டியமட்டும் திட்டத் தயாராக இருந்தேன்.

“அந்த வாடை வந்தா இழுப்பு வந்துரும் மேம். ஜூலைல ஒரு தடவ வெளிய ஓடிப்போயிட்டேன். சிரிப்பாங்கன்னு மறுபடி வரல. வீட்டுக்கு மெசேஜ் போவும், யாராவது கேப்பாங்கன்னு பயந்துட்டே இருந்தேன். போகவே இல்ல. யாரும் கேக்கவும் இல்ல. சரி, நான் வந்தாலும் வராட்டாலும் ஒண்ணுதான்னு விட்டுட்டேன்.”

திட்டவில்லை. டாக்டர் சான்றிதழ் கொண்டுவரச் சொன்னேன். ஜன்னலோர மேசை ஒதுக்குவதாகச் சொன்னேன். மூன்று மாதம் ஒரு பிள்ளைக்கு வாராவாரம் அடி, ஒரு பிள்ளைக்கு மூச்சு முட்டல். நான் இரண்டு இலக்கம் தட்டிவிட்டு ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 12, சனி

டிராயர் எண்களைச் சுரண்டிவிட்டு, பெயர் எழுதிய சீட்டு ஒட்டினேன். விரல் முழுக்கப் பெயிண்ட். துரை மண்ணெண்ணெய் கொண்டுவந்து தேய்த்துவிட்டார்.

முப்பிடாதி வருவாளா என்று யாரிடமும் கேட்கவில்லை. கேட்கிற முகம் எனக்கு இல்லை.

அக்டோபர் 15, செவ்வாய்

செய்முறைத் தேர்வு. ஒன்பதரைக்கு லோடு ஆட்டோ சத்தம் கேட்டது. ஜன்னல் பக்கம் போகாமல் இருந்துகொண்டேன்.

இன்று வருகையைப் பெயர் சொல்லி எடுத்தேன். அமிர்தராஜ். எஸ்தர். பழக்கமில்லாததால் ஒவ்வொருத்தரும் ஒரு கணம் விழித்துவிட்டுத்தான் பதில் சொன்னார்கள்.

“முப்பிடாதி.”

“இருக்கேன் மேம்.”

எழுதப் போனேன். அவள் தன் இடத்தை விட்டு மேசைக்கு நடந்து வந்தாள். என் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் பெயருக்கு நேராக ‘வந்தாள்’ என்று போட்டேன். குனிந்து, விரல் வைத்து, பெயரையும் அதற்கு நேராக இருப்பதையும் சரிபார்த்தாள். பிறகு திரும்பிப் போய் விளக்கைப் பற்றவைத்தாள்.

வாசனையைப் பற்றி ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. நான் காத்திருந்தேன்.

“நம்பிராஜன்” என்று கூப்பிட்டேன். ஜன்னலோரத்திலிருந்து, கைக்குட்டைக்குள்ளிருந்து, “யெஸ் மேம்” என்று வந்தது.